பொருள்: தெற்கு மாசி வீதியில் தவறாகக் காட்டப்படும் எங்கள் கடையை (முத்துவேல் தராசு சர்வீஸ், மதுரை) தெற்கு ஆவணி மூல வீதிக்கு மாற்றக் கோருதல்

வரைபடத் திருத்தப் பிரிவினருக்கு வணக்கம்.

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் வரைபடம் அதைத் தெற்கு மாசி வீதியில் காட்டுகிறது. அது பக்கத்துத் தெருதான். ஆனால் இரண்டுக்கும் இடையில் நேர்கோட்டில் சுமார் 240 மீட்டர் தூரமும், ஊர் தெரியாதவர் நுழையத் தயங்கும் சந்துகளும் இருக்கின்றன.

திருத்தவேண்டிய விவரம்:

இப்போது காட்டும் இடம்: `9.9147, 78.1192`
சரியான இடம்: `9.9168, 78.1187`
சரியான முகவரி: புதிய எண் 112, பழைய எண் 58, தெற்கு ஆவணி மூல வீதி, மதுரை 625001

தயவுசெய்து வரைபடத்தில் இடத்தைக் காட்டும் பின்னையும் முகவரியையும் சேர்த்தே மாற்றுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதலில் முகவரி வரி சரியாகத்தான் இருந்தது, பின் மட்டும் தவறான தெருவில் நின்றது. செயலியில் பின்னை நகர்த்தித் திருத்தம் அனுப்பினேன். சில நாள் கழித்து, "உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, நன்றி" என்று அறிவிப்பு வந்தது. திறந்து பார்த்தால் பின் நகரவே இல்லை. அதற்குப் பதிலாக முகவரியில் இருந்த "ஆவணி மூல" போய் "மாசி" வந்திருந்தது. பின்னும் முகவரியும் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்ட உங்கள் முறை, எது சரி என்று பார்க்காமல் முகவரியைப் பின்னுக்கு ஏற்ப மாற்றிவிட்டது என்றே நினைக்கிறேன். முரண்பாடு தீர்ந்தது, கடை தொலைந்தது. அதற்குப் பிறகு அனுப்பிய திருத்தங்களுக்கு "ஏற்கெனவே உள்ள தகவலுடன் பொருந்தவில்லை" என்றே பதில் வருகிறது. பொருந்தாது என்பதால்தானே திருத்தச் சொல்கிறோம்! அதனால்தான் ஒரு மனிதர் படிக்கட்டும் என்று இந்த மின்னஞ்சல்.

படிப்பவர் மதுரைக்காரராக இல்லாவிட்டால் இந்தக் குழப்பம் எப்படி வந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, சதுரத்துக்கு வெளியே சதுரமாகத் தெருக்கள் அமைந்த ஊர் இது. ஆடி வீதிகள் கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கின்றன. மதிலுக்கு வெளியே முதலில் சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கடுத்து மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு. ஆக, "தெற்கு" என்று தொடங்கி "வீதி" என்று முடியும் பெயர் கோயிலுக்கு வெளியே மட்டும் குறைந்தது நான்கு இருக்கிறது. நடுவில் வருகிற சொல்தான் தெருவைப் பிரித்துக் காட்டுகிறது. அதை விட்டுவிட்டுத் தேடினால் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இதோடு இரண்டு தற்செயல்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று, இரண்டு தெருவுக்கும் அஞ்சல் குறியீடு 625001 என்பதால் அதை வைத்துச் சரிபார்க்க வழியில்லை. இன்னொன்று, தெற்கு மாசி வீதியிலும் 112-ஆம் எண் கட்டடம் இருக்கிறது. உங்கள் பின் அதன் வாசலில்தான் நிற்கிறது. அது ஒரு மொத்த ஜவுளிக் கடை. உரிமையாளர் நல்ல மனிதர். வருகிறவர்களுக்கு வழி சொல்லி அலுத்துப்போய், "தராசு கடை இங்கே இல்லை, ஆவணி மூல வீதியில்" என்று அட்டையில் எழுதி, அம்புக்குறியும் போட்டு ஷட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார். அந்த அட்டையின் படத்தையும் இணைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

எங்களுக்கு இது வெறும் விளம்பர விஷயம் அல்ல. உள்ளூர் ஆசாரிகளும் நகைக் கடைக்காரர்களும் வரைபடம் பார்த்து வருவதில்லை. அவர்களுக்கு எங்கள் அப்பா காலத்திலிருந்தே கடை தெரியும். வரைபடத்தை நம்பி வருகிறவர்கள் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள், கீழமாரட் வீதிக்குப் புதிதாக வந்த வெங்காய வியாபாரிகள், மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் இருந்து வருபவர்கள். அவர்கள் கொண்டுவருவது சட்டைப்பையில் அடங்கும் நகைத் தராசு அல்ல. மூட்டை நிறுக்கும் பிளாட்ஃபார்ம் தராசை ஆட்டோவில் ஏற்றி, ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தவறான தெருவில் அதை இறக்கி, விசாரித்து, மறுபடி ஏற்றிச் சுற்றி வருவதற்குள், எடையை உணரும் பாகமான லோடு செல்லில் அடிபட்டுவிடுகிறது. பேட்டரி மாற்ற வந்த தராசு, வழியில் பட்ட அடியால் லோடு செல்லும் மாற்றவேண்டிய நிலையில் கடைக்குள் வந்ததுண்டு. அந்தச் செலவை யாரிடம் கேட்பது?

முத்திரை விஷயம் இன்னொன்று. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்கவேண்டும். இங்கே அதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. பழுதுபார்ப்பவரும் சட்டப்படி உரிமம் வைத்திருக்கவேண்டும். என் உரிமத்தில் இருப்பது தெற்கு ஆவணி மூல வீதி முகவரி. உங்கள் வரைபடத்தில் மாசி வீதி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "உரிமம் வேற இடத்துக்கு இருக்கே, இது அதே கடைதானா?" என்று என் முகத்துக்கு நேரே ஒரு வாடிக்கையாளர் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. உரிமம் இல்லாத ஆளிடம் தராசைக் கொடுத்து மாட்டிக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? என் வேலையில் ஒரு மில்லிகிராம் பிசகினாலும் ஆசாரி தராசைத் திருப்பி நீட்டிவிடுவார். நீங்கள் 240 மீட்டர் பிசகை அப்படியே வைத்திருக்கிறீர்கள்.

திருத்தும்போது கவனிக்கவேண்டிய மூன்று விஷயங்கள்.

தயவுசெய்து இதை "இடம் மாறிய கடை" என்று பதியவேண்டாம். 1986-இல் அப்பா தொடங்கியதில் இருந்து கடை அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. இடம் மாறியதாகப் பதிந்தால், பழைய பதிவில் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று வரும் என்கிறார் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கு அப்படித்தான் ஆனது. தேடுகிற ஆள் அந்த வார்த்தையைப் பார்த்தால் கீழே படிக்கமாட்டார்.

அதேபோல் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகளும் படங்களும் அதில் இருக்கின்றன. இருக்கிற பதிவையே நகர்த்துங்கள். தவறான தெருவைக் குறை சொல்லி ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்துகளும் இருக்கட்டும், பரவாயில்லை. அவர்கள் சொன்னது உண்மைதான்.

மூன்றாவது, பின்னைக் கட்டடத்தின் நடுவில் வைக்காமல் வாசலில் வையுங்கள். எங்கள் கட்டடம் நீளமானது. பின்பக்கம் இன்னொரு சந்தைத் தொடுகிறது. பின் உள்ளே தள்ளி இருந்தால், அருகில் உள்ள சாலை அந்தச் சந்துதான் என்று எடுத்துக்கொண்டு உங்கள் வழிகாட்டி ஆட்டோவை அங்கே அனுப்பிவிடும். அங்கே எங்களுக்கு வாசல் இல்லை, சுவர்தான் இருக்கிறது. மேலே கொடுத்திருக்கும் எண்கள் தெருவை ஒட்டிய படிக்கட்டின் முன் நின்று எடுத்தவை. முதல் எண்ணின் நான்காம் தசம இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சுமார் 11 மீட்டர் நகர்ந்துவிடும். எனவே முழுமையாக்காமல் அப்படியே பதியுங்கள்.

இணைப்புகள்: எடையளவுப் பழுதுபார்ப்பு உரிமத்தின் நகல், மாநகராட்சித் தொழில் உரிமம், மின்கட்டண ரசீது, கதவு எண்ணும் பெயர்ப்பலகையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்த புகைப்படம், ஜவுளிக் கடை அட்டையின் படம், கோயில் தெற்குக் கோபுரத்தில் இருந்து கடை வாசல் வரை நடந்தபடி எடுத்த காணொளி. மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருக்கிறது, நான் வாடகைக்கு இருப்பவன். பெயர் பொருந்தவில்லை என்று அந்த ஒரு காரணத்துக்காக மனுவைத் திருப்பிவிடவேண்டாம் என்பதற்காக வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்திருக்கிறேன். காணொளியில் தெருப் பெயர்ப்பலகை தெரியும் இடத்தில் சற்று நின்றிருக்கிறேன். கோயிலில் இருந்து வந்தால் முதலில் சித்திரை வீதி, அடுத்தது நாங்கள். மாசி வீதி வரை போகத் தேவையே இல்லை என்பது அதைப் பார்த்தாலே விளங்கும்.

ஒரு சின்ன வேண்டுகோள். சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடுவது மாசி வீதிகளில். தேரோட்டத்தன்று அந்தப் பக்கம் வண்டி நுழைய முடியாது. உங்கள் வரைபடத்தை நம்பியவர்கள் அன்றைக்குக் கடைக்கு வர வழியே இல்லை என்று வீடு திரும்பிவிடுகிறார்கள். எங்கள் தெருவில் கூட்டம் ஆவணியில் வரும், அதை நாங்கள் சமாளித்துக்கொள்வோம். அடுத்த சித்திரைக்கு முன் திருத்தம் நடந்தால் போதும் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பே நடந்தால் நல்லது.

மேலும் சான்று தேவைப்பட்டால் இதே மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். நேரில் பார்க்க ஆள் அனுப்புவதானாலும் சம்மதம். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 10 முதல் இரவு 8 வரை கடை திறந்திருக்கும். வருபவரிடம் வரைபடத்தைப் பார்க்காமல் தெற்கு ஆவணி மூல வீதி என்று ஆட்டோக்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள், சரியாகக் கொண்டுவந்து விடுவார். திருத்தம் நிராகரிக்கப்பட்டால் எந்த ஆவணம் போதவில்லை என்பதைக் குறிப்பிட்டு எழுதவேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரா. முத்துவேல்
உரிமையாளர், முத்துவேல் தராசு சர்வீஸ்
புதிய எண் 112, பழைய எண் 58, தெற்கு ஆவணி மூல வீதி, மதுரை 625001