மாலதிக்கு நன்றி

அன்புள்ள மாலதி,

திங்கட்கிழமை முதல் நீங்கள் கொள்முதல் பிரிவுக்குப் போகிறீர்கள். அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆறு வாரமாகப் பிரபுவுக்குச் சம்பளக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தீர்கள். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டையும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் மாத நடுவில் சேர்ந்தவருக்குச் சம்பளம் எப்படிப் போடுவது என்று அவர் நான்காவது முறை கேட்டபோதும், "சரி, மறுபடி பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தீர்களே, அது எல்லோருக்கும் வராது.

இந்த மாதப் பட்டியலை அவரே தனியாக முடித்தார். பக்கத்தில் இருந்தும் நீங்கள் கை வைக்கவில்லை. அந்தப் பொறுமைக்கு மனமார்ந்த நன்றி.

அப்புறம், மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் மேசைக்கே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
சுமதி
கணக்குப் பிரிவு