வில்லும் நாணும்: sin x < x நிறுவல்

சனிக்கிழமை கொடுத்த கணக்கு: x > 0 எனில் sin x < x என்று நிறுவுக. கோணம் ரேடியனில். ஆறு பேர் விடை கொடுத்தீர்கள், ஆறு பேரும் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறீர்கள். ஜூனியர் கல்லூரி முதலாண்டில் எல்லோரும் சறுக்கும் இடம்தான். முழு நிறுவலையும் இங்கே எழுதிவிடுகிறேன், புதன்கிழமை உட்லண்ட்ஸுக்கு வருமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

f(x) = x − sin x என்று வைத்தது சரி. வகையிட்டால் f′(x) = 1 − cos x, அதுவும் சரி. அடுத்த வரியில் "cos x எப்போதும் 1-ஐவிடச் சிறியது, ஆகவே f′(x) > 0" என்று எழுதிவிட்டீர்கள். எப்போதுமா? x = 2π என்றால் cos x = 1, அங்கே f′ பூச்சியம். 4π, 6π எல்லாம் அப்படியே. பயந்துபோய் ≥ போட்டால், f இறங்காது என்பது மட்டும்தான் கைக்கு வரும். அதிலிருந்து f(x) ≥ 0 கிடைக்கும். கேட்டதோ > 0. அந்தச் சின்னக் கோட்டுக்குத்தான் மதிப்பெண் குறைத்தேன்.

சரிசெய்வது சுலபம். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

x > 1 என்றால் வகையிடவே வேண்டாம். sin x ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. ஆகவே sin x ≤ 1 < x.

0 < x ≤ 1 என்றால், 1 என்பது 2π-ஐவிட மிகச் சிறியது, எனவே இந்த இடைவெளியில் cos x < 1, f′(x) > 0. f தொடர்ச்சியான சார்பு, f(0) = 0. பூச்சியத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் சார்பு என்பதால் f(x) > 0, அதாவது sin x < x. முடிந்தது.

தேர்வுத் தாளில் இது போதும், முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. sin x-ஐ வகையிட்டால் cos x என்று நமக்கு யார் சொன்னது? h பூச்சியத்தை நெருங்கும்போது (sin h)/h என்பது 1-ஐ நெருங்கும் என்பதை வைத்துத்தான் அது வருகிறது. அந்த எல்லையை வழக்கமாக எப்படி நிறுவுகிறோம்? sin h < h < tan h என்று நடுவில் நெருக்கி. அதாவது நிறுவ வேண்டியதையே முதலில் பயன்படுத்திவிட்டோம். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. கேள்வி அந்த எல்லையைப் பற்றியதாக இருந்தால் வகையிடும் வழி செல்லாது, படம்தான் வரைய வேண்டும்.

படத்துக்குத் தமிழே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வட்டத்தின் வளைந்த துண்டு வில், அதன் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்க்கோடு நாண். நாணைவிட நீளம் குறைந்த வில்லை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஆரம் 1, மையம் O. வட்டத்தின் வலது ஓரத்தில் A. அதிலிருந்து மேலே x ரேடியன் தள்ளி P, கீழே x ரேடியன் தள்ளி Q. இங்கேயும் 0 < x ≤ 1 போதும், மீதியை மேலேயே முடித்துவிட்டோம். P, OA-க்கு மேலே sin x உயரத்தில் இருக்கிறது, Q அதே அளவு கீழே. ஆகவே PQ என்ற நாண் 2 sin x. P-யிலிருந்து A வழியாக Q வரை உள்ள வில் 2x. இரு புள்ளிகளுக்கு இடையே நேர்க்கோடுதான் மிகக் குறுகிய வழி என்பதால் 2 sin x < 2x. இரண்டால் வகுத்தால் sin x < x.

பரப்பளவை வைத்தும் செய்யலாம்: முக்கோணம் OAP-யின் பரப்பு ½ sin x, அதைத் தனக்குள் அடக்கிய வட்டக்கோணப்பகுதியின் பரப்பு ½ x. பல நூல்களில் இதுதான் இருக்கும். எனக்கு நாண்தான் பிடிக்கும். ரேடியன் என்பதே வில்லின் நீளம்தானே, பரப்பளவுச் சூத்திரத்தைக் கடன் வாங்குவானேன்?

இந்த அரை நாணைத்தான் ஆரியபட்டர் அட்டவணை போட்டார். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. ஆரம் 3438 கலை என்று கொண்டால், 225 கலை நீள வில்லுக்கு அவர் தரும் அரை நாண் 225. வில்லும் அரை நாணும் சமமா? உண்மையில் அரை நாண் ஏறக்குறைய 224.86, முழு எண்ணாக்கியதில் வித்தியாசம் மறைந்துவிட்டது.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமா? மரினா பேயில் நிற்கும் சிங்கப்பூர் ஃப்ளையரின் விட்டம் 150 மீட்டர், கூண்டுகள் 28. மையத்தின் மட்டத்தில் இருக்கும் கூண்டு அடுத்த கூண்டின் இடத்துக்கு ஏறும்போது 2π/28 ரேடியன் சுற்றுகிறது. 75 மீட்டர் ஆரத்தில் கணக்கிட்டால் வளைவில் போனது 16.83 மீட்டர், ஏறிய உயரம் 16.69 மீட்டர். 14 சென்டிமீட்டர்தான் இடைவெளி, இருந்தாலும் உயரம்தான் குறைவு.

புதன்கிழமைக்கு x < tan x, 0 < x < π/2. A-யில் தொடுகோடு வரையுங்கள். இந்த முறை பரப்பளவு உதவும். படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், போன வாரம் ஒருவர் தபால்தலை அளவுக்கு வரைந்து A எது, P எது என்று அவருக்கே தெரியவில்லை.