பொருள்: மொட்டை மாடித் தளம் வழியாக நீர்க்கசிவு – செலவின்றிச் சரிசெய்து தரக் கோருதல்

மேற்குத் தாம்பரம்,
28.01.2026

பெறுநர்:
நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்

ஐயா,

தாங்கள் கட்டி, 14.06.2023 அன்று என்னிடம் ஒப்படைத்த நான்காம் மாடி வீடு 4சி-யின் கூரை ஒழுகுகிறது. தொலைபேசியில் பலமுறை பேசியாகிவிட்டது; இனி எழுத்தில் பேசுவதே இருவருக்கும் நல்லது.

2024 நவம்பர் மழையில் படுக்கையறைக் கூரையின் வடகிழக்கு மூலையில் முதலில் ஈரம் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் தங்கள் ஆட்கள் வந்து தட்டோட்டின் மேல் வெள்ளை ரசாயனப் பூச்சு அடித்து, உள்ளே பட்டி பார்த்து வண்ணம் பூசினார்கள். அக்டோபர் மழை அந்தப் பூச்சைப் பொருட்படுத்தவே இல்லை. இப்போது ஈரம் கூடத்து மின்விசிறிக் கொக்கி வரை பரவியிருக்கிறது. மூலையில் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. நீர் மின்விசிறி வரை வந்துவிட்டதால் அந்த இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறோம்.

தண்ணீர்த் தொட்டிதான் காரணம் என்று தங்கள் தளப் பொறியாளர் சொன்னார். தொட்டி இருப்பது மறுகோடியில், படிக்கட்டு அறையின் மேல். தொட்டி கசிந்தால் கோடையிலும் ஒழுக வேண்டும், ஒழுகவில்லை. ஐயம் தீர, குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலுடன், மழையில்லாத நாளான ஜனவரி 17 அன்று ஒரு கட்டடப் பொறியாளரை வைத்துச் சோதித்தோம். வடிகுழாயை அடைத்து, எங்கள் கூரைக்கு மேலுள்ள பகுதியில் 50 மி.மீ. நீர் தேக்கியதும் மறுநாளே அதே மூலையில் சொட்டியது. வடிகுழாய் வாய் சுற்றியுள்ள தளத்தைவிட உயரமாக இருப்பதால் மழைநீர் தேங்குகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் ஓடுகிறது. அங்குள்ள தட்டோடுகளைத் தட்டினால் வெற்றொலி கேட்கிறது என்று அவர் அறிக்கை தந்திருக்கிறார். இது பராமரிப்புக் குறை அன்று, வேலைக் குறை.

ஆகவே மேலும் ஒரு பூச்சு வேண்டாம். அந்தப் பகுதியின் தட்டோடுகளையும் அடியிலுள்ள சுருக்கித் தளத்தையும் பெயர்த்தெடுத்து, வடிகுழாயை நோக்கிச் சாய்வு கொடுத்து, நீர்காப்புப் படலம் இட்டு, அதைக் கைப்பிடிச் சுவரிலும் ஏற்றி முடிக்க வேண்டும். மீண்டும் தட்டோடு பதிப்பதற்கு முன், என் முன்னிலையில் 48 மணி நேரம் நீர் தேக்கிக் காட்ட வேண்டும். அதன் பிறகே உள்கூரையில் கம்பித் துருவை நீக்கி, பூச்சும் வண்ணமும் செய்ய வேண்டும். ஊறிப்போன அலமாரிக்கான பழுதுச் செலவு ரூ.18,600-ஐயும் தாங்கள் தர வேண்டும்.

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016-இன் பிரிவு 14(3)-இன்படி, ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைக் குறையை 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது தங்கள் கடமை. ஒப்பந்தத்தில் நீர்க்கசிவுக்கு ஓராண்டுதான் பொறுப்பு என்று அச்சிட்டிருப்பது இதை மாற்றாது. வேலை தொடங்கும் தேதியை பிப்ரவரி 6-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். 30 நாள்களில் வேலை முடியாவிட்டால், இழப்பீடும் கோரி ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் அளிப்பேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர், 4சி

இணைப்பு: தேதியிட்ட புகைப்படங்கள், பொறியாளர் அறிக்கை, ஒப்படைப்புக் கடித நகல், அலமாரிப் பழுது ரசீது.
நகல்: குடியிருப்போர் சங்கச் செயலாளர்.
(பதிவு வசதியுடன் விரைவு அஞ்சல்)