அடுத்த பிள்ளைக்கு முன் தாயின் உடம்புக்கு இரண்டு ஆண்டு

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கான சுகாதார உரைக் குறிப்பு

இடம்: சம்பூர், பல்நோக்கு மண்டபம். சனிக்கிழமை பிற்பகல் 3 மணி, சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்த கையோடு. உரை 40 நிமிடம். அதன் பிறகு தனியாகப் பேச 30 நிமிடம் கட்டாயம் ஒதுக்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: மாதிரிப் பெட்டி (லூப், குளிசை அட்டை, ஆணுறை, ஜடெல் மாதிரி), ஒரு சுவர்க் கலண்டர், எண்ணி வைத்த 100 புளியங்கொட்டை, தட்டுகள்.

இளம் தாய்மாருடன் மாமிமாரும் வருவார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்த வேண்டும். வீட்டில் முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு, அவர்கள் ஒத்துக்கொண்டால் மருமகள் கிளினிக்குக்கு வருவது எளிது. ஆண்கள் மண்டபத்துக்குள் வேண்டாம் என்று சங்கத் தலைவியிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று.

தொடக்கம் (5 நிமிடம்)

கலண்டரை விரித்துப் பிடித்துக் கணக்குப் போடு. "இந்தத் தை மாதம் பிள்ளை பிறந்தது என்று வைப்போம். இன்னும் இரண்டு தை கழியட்டும். அதற்குப் பிறகு அடுத்த பிள்ளைக்கு யோசிக்கலாம். அப்படிச் செய்தால் மூத்ததுக்கும் இளையதுக்கும் ஏறத்தாழ மூன்று வயது வித்தியாசம் வரும்." உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான்: பிறப்பிலிருந்து அடுத்த கர்ப்பம் தரிக்கக் குறைந்தது 24 மாதம். கருச்சிதைவு ஆனவர்களுக்கு குறைந்தது 6 மாதம்.

ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கர்ப்பத்திலும் பால் கொடுப்பதிலும் தாயின் இரும்புச்சத்தும் மற்றச் சத்துகளும் கரைகின்றன. அவை ஊற முன் அடுத்தது தங்கினால் குருதிச்சோகை, குறைமாதப் பிள்ளை, நிறை குறைந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூடும். சத்திரசிகிச்சையில் பெற்றவர்களுக்குக் கருப்பைத் தையல் வலுப்பெறவும் காலம் வேண்டும். இதை அந்தத் தாய்மாரின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் பயமுறுத்தக் கூடாது.

முக்கிய இடம்: "தீட்டு வராததால் தங்காது" (10 நிமிடம்)

அவசரப்படாமல் பேச வேண்டிய பகுதி இது. "இன்னும் குளிக்கத் தொடங்கவில்லை, அதனால் பயமில்லை மிஸ்" என்று சொல்லிவிட்டு வயிற்றில் பிள்ளையோடு வரும் தங்கச்சிமாரைப் பார்க்கிறோம். முட்டை முதலில் வெளியாகும், தீட்டு அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். ஆகவே பிள்ளை பிறந்து ஒருமுறைகூடத் தீட்டு வராமலே அடுத்தது தங்கிவிடலாம். இந்த வசனத்தை இரண்டு முறை சொல். பிறகு பின்வரிசையில் இருக்கும் ஒருவரை தன் சொல்லில் திரும்பச் சொல்லச் சொல்.

தாய்ப்பால் பாதுகாப்புத் தரும், ஆனால் மூன்று நிபந்தனையும் சேர்ந்தால் மட்டும்: பிள்ளைக்கு 6 மாதம் ஆகவில்லை, தீட்டுத் திரும்பவில்லை, இரவும் பகலும் பால் மட்டுமே கொடுக்கிறார்; தண்ணீரோ பால்மாவோ இல்லை. ஒன்று தவறினாலும் பாதுகாப்புப் போய்விடும். 31ஆம் நாள் துடக்குக் கழிந்தபின் கணவரோடு சேர்வதற்கு முன்பே முறை பற்றிப் பேசிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கிடைக்கும் முறைகள் (20 நிமிடம்)

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பத்திட்டக் கிளினிக்கில் இவை இலவசம். குளிசையையும் ஆணுறையையும் நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தரலாம்.

புளியங்கொட்டை விளையாட்டு: 100 கொட்டை, 100 பெண்கள். எந்த முறையும் இல்லாமல் ஓராண்டு சென்றால் 85 பேருக்குத் தங்கும். அவ்வளவையும் ஒரு தட்டில் அள்ளிப் போடு. ஆணுறையை வழக்கமாகப் பாவிப்பது போலப் பாவித்தால் 13 கொட்டை, குளிசைக்கு 7, ஊசிக்கு 4. லூப்புக்கும் ஜடெலுக்கும் தட்டில் ஒன்று வைத்தாலே அதிகம். "கவனமாக வெளியே எடுப்பார்" என்று நம்பியிருப்பவர்களுக்கு 20. கொட்டைகளைக் கையில் வாங்கி எண்ணட்டும், அது பேச்சை விடப் பேசும்.

லூப்: செம்புக் கம்பி சுற்றிய சிறு பிளாஸ்ரிக். பிள்ளை பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே போடலாம். இல்லாவிட்டால் 4 வாரம் கழித்துக் கிளினிக்கில். 10 ஆண்டு வேலை செய்யும், எடுத்தவுடன் பிள்ளை தங்கலாம். முதல் சில மாதம் தீட்டு கூடலாம், வயிறு வலிக்கலாம். மாதிரியை ஒவ்வொருவர் கைக்கும் கொடு. "இது நெஞ்சுக்கு ஏறிவிடும்" என்று பயப்படுபவர்களுக்குக் கருப்பைப் படத்தைக் காட்டு: மேலே மூடிய பை, நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. நூல் கணவருக்குக் குத்தினால் கிளினிக்கில் வெட்டிக் குறைக்கலாம்.

ஜடெல்: மேல் கையின் உட்பக்கத் தோலுக்குக் கீழே இரண்டு சிறு குச்சி. மரக்க வைக்கும் ஊசி போட்டு, பயிற்சி பெற்ற வைத்தியர் வைப்பார். 5 ஆண்டு. பால் கொடுப்பவர்களும் போடலாம். தீட்டு ஒழுங்கு மாறும், அதை முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்டால் மூன்றாம் மாதமே எடுக்க வருவார்கள்.

ஊசி: 3 மாதத்துக்கு ஒருமுறை. பால் கொடுப்பவர்களுக்கு 6 வாரம் கழித்து. தீட்டு நின்றுபோகலாம், நிறையும் கூடலாம். "கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது" என்ற கதை எங்கும் உண்டு. கருப்பையின் உட்படலம் மெல்லியதாக இருப்பதால் வெளியே வர ஒன்றுமில்லை, தேங்கவும் ஒன்றுமில்லை. ஊசியை நிறுத்திய பின் பிள்ளை தங்க சில மாதம் முதல் ஓராண்டுவரை ஆகலாம். கெதியில் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு வேறு முறையைச் சொல்.

குளிசை: 28 உள்ள அட்டை, கடைசி ஏழில் ஓமோன் இல்லை. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். இரண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ந்து மறந்தால் 7 நாளுக்கு ஆணுறை, எனக்கும் சொல்ல வேண்டும். பால் கொடுப்பவர்களுக்கு முதல் 6 மாதம் இந்தக் குளிசை வேண்டாம். பிரஷர் உள்ளவர்கள், கண் மங்கித் தலையிடி வருபவர்கள், 35 வயது தாண்டிய புகைப்பவர்கள் போடக் கூடாது. காலில் கடும் வலி, நெஞ்சு வலி, மூச்சு முட்டல் வந்தால் அன்றே வைத்தியரிடம்.

ஆணுறை: பால்வினை நோய்களையும் தடுப்பது இது ஒன்றுதான். கணவர் மறுக்கிறார் என்று சொல்பவர்களைத் தனிப்பேச்சில் சந்திக்க வேண்டும், கூட்டத்தில் அல்ல.

பாதுகாப்பில்லாமல் நடந்துவிட்டால் அவசரக் குளிசை பார்மசியில் உண்டு. 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது. மாதாமாதம் இதை நம்பி இருக்கக் கூடாது. நிரந்தரச் சத்திரசிகிச்சை "பிள்ளை போதும்" என்ற முடிவுக்கு உரியது, இடைவெளிக்கு அல்ல. ஆண்களுக்குச் செய்வது சிறிய சிகிச்சை, ஆனால் பலன் முழுமையாகக் கிடைக்க 3 மாதம் செல்லும்.

கேள்விகளும் தனிப்பேச்சும்

ஆரம்பத்திலேயே துண்டுக் கடதாசியும் பேனையும் சுற்றுக்கு விடு, பெயர் எழுத வேண்டாம். "மாமிக்குத் தெரியாமல் போடலாமா?" என்பது கட்டாயம் வரும். பதில்: வரலாம், நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். எந்த முறையும் தாயின் விருப்பத்தோடு மட்டுமே. இதையும் மாமிமார் கேட்கும்படி சொல்ல வேண்டும். வேண்டாம் என்பதும், போட்டதை எடுத்துவிடச் சொல்வதும் அந்தத் தாயின் உரிமை.

லூப் போட்டவர்கள் உடனே வர வேண்டிய அடையாளங்கள்: அடிவயிற்றில் கடும் வலி, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைபடுதல், நூல் தட்டுப்படாமை. கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், மூதூர் ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம்.

தனிப்பேச்சு மண்டபத்துக்கு வெளியே, வேம்பின் கீழ், ஒருவர் பின் ஒருவர். பிள்ளை பிறந்து 6 வாரத்துக்குள் இருப்பவர்களை முதலில் கூப்பிடு. அவர்களுக்கு நாள் குறித்துக் கொடு, வரும் கிழமை வீட்டுக்குப் போகும்போது திரும்பக் கேள்.