தீபாவளித் துணிகளைப் புரட்டாசியிலேயே கொடுத்துவிடுங்கள்

நீடாமங்கலம்
20.09.2026

நம் கடையில் வருஷக்கணக்காகத் துணி கொடுத்துத் தைக்கும் அம்மாக்கள், அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. போன வருஷம் அக்டோபர் 20-லேயே வந்துவிட்டது. அதனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "இந்தத் தடவை நாள் நிறைய இருக்கே, மெதுவா கொடுத்துக்கலாம்" என்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் ஐப்பசி பிறந்த கையோடு தீபாவளி முடிந்துவிட்டது. கல்யாண ஜாக்கெட்டெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. இந்த வருஷம் ஐப்பசி பிறந்து மூன்று வாரம் கழித்துத்தான் தீபாவளி. அந்த மூன்று வாரத்தில் முகூர்த்தத் துணியும் வரும், தீபாவளித் துணியும் வரும். இரண்டும் ஒரே மேஜையில் வந்து விழும். கல்யாணத் துணியை நாள் தள்ளச் சொல்ல முடியாது. தீபாவளியையும் தள்ள முடியாது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் இப்போதுதான் எங்கள் கை கொஞ்சம் காலியாக இருக்கிறது. இன்றைக்கு ஒரு ஜாக்கெட் கொடுத்தால் நாலாம் நாள் வாங்கிக்கொள்ளலாம். அதே ஜாக்கெட்டை அக்டோபர் கடைசியில் கொண்டுவந்தால், நான் உங்கள் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை.

போன வருஷம் "முடியாது" என்று சொல்லாமல் போனதால் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பூவனூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா தன் மகளுக்குப் பட்டுப்பாவாடைத் துணி கொண்டுவந்தார். பதினைந்து வருஷமாக வருகிறவர், எப்படி இல்லை என்பது? வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் அந்தத் துணிக்கு முறை வந்தது. வெளியே நல்ல மழை, கரண்ட் போய்விட்டது. சார்ஜ் லைட்டை மெஷின் தலைமேல் மாட்டிக்கொண்டு, கால் மிதி மெஷினில் தைத்து முடித்தேன். காலையில் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால், பாவாடையின் ஒரு பாகம் தலைகீழாக இணைந்திருக்கிறது. சுற்றிலும் மயில் நிற்கிறது, அந்த ஒரு பாகத்தில் மட்டும் மயிலெல்லாம் தலையைக் கீழே தொங்கப் போட்டிருக்கிறது. பருத்தித் துணியாக இருந்தால் பிரித்துத் தைத்துவிடலாம். பட்டில் தையலைப் பிரித்தால் ஊசி போன தடம் அப்படியே நிற்கும். அந்தப் பிள்ளை தீபாவளிக்குப் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டது. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கைக்காசில் துணி எடுத்துப் பொங்கலுக்குப் புதுப் பாவாடை தைத்துக் கொடுத்தேன். ஆனாலும் குளித்துவிட்டு எண்ணெய் வழியும் முகத்தோடு புதுத்துணிக்குக் காத்திருந்த அந்தப் பிள்ளைக்கு அந்தக் காலையைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையில் லேடீஸ் துணி தைக்க என்னையும் சேர்த்து மூன்று பேர். லைனிங் வைத்த ஜாக்கெட் ஒன்றை வெட்டி, லைனிங் சேர்த்து, பைப்பிங் வைத்து, கொக்கி கட்டி, எம்மிங் முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். ஒருவர் ஒரு நாளைக்கு நாலு தைக்கலாம். அதற்கு மேல் போனால் தோள்பட்டையில் சுருக்கம் விழ ஆரம்பிக்கும். நாளை முதல் நவம்பர் 6 வரை ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து, ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டு நாளையும் கழித்தால் கையில் இருப்பது 39 நாள். மூன்று பேர் சேர்ந்து 468 துணி. போன வருஷம் ரசீதுப் புத்தகத்தில் 540 எழுதியிருந்தேன். தப்பு அங்கேதான் நடந்தது. இந்த வருஷம் 450-வது ரசீதோடு தீபாவளிப் புத்தகத்தை மூடிவிடுகிறேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும், சொந்த நாத்தனார் வந்தாலும், துணி தீபாவளி கழித்துத்தான். ஆண்கள் சட்டை, பேன்ட் இந்தக் கணக்கில் வராது. அது மாஸ்டர் அண்ணனின் தனி மெஷின்.

தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆரி வேலை செய்ய வேண்டிய ஜாக்கெட்டை அக்டோபர் 3, சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். துணியில் அளவு வரைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, மணியும் ஜரிகையும் கோத்து முடிக்கவே பத்து நாள் ஆகும், தையல் அதற்குப் பிறகுதான். லைனிங் ஜாக்கெட், பட்டுப்பாவாடை, சுடிதார் எல்லாம் அக்டோபர் 10, சனிக்கிழமைக்குள். சாதா ஜாக்கெட், பிள்ளைகளின் கவுன், ஆண்கள் துணி அக்டோபர் 17 வரை. சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, பழைய துணியைப் பிரித்துத் தைப்பது இதெல்லாம் அக்டோபர் 31 வரை வாங்குவோம்.

அக்டோபர் 19, 20 இரண்டு நாளும் கடை இருக்கும், மெஷின் ஓடாது. ஆயுத பூஜைக்குக் கத்தரி, அளவு நாடா, பாபின் பெட்டி எல்லாவற்றையும் துடைத்து மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், விஜயதசமி அன்று ஒரு சின்னக் கர்சீப் மட்டும் தைத்துத் தொடங்குவது அப்பா காலத்து வழக்கம். பொரி கடலை வாங்கிக்கொள்ள எல்லோரும் வாருங்கள்.

தைத்த துணிகளை அக்டோபர் 24 முதல் ரசீது வரிசைப்படி கொடுக்க ஆரம்பிப்போம். வாங்கிய அன்றே வீட்டில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கை இறுக்கம், கழுத்து இறக்கம் என்று எதுவாக இருந்தாலும் நவம்பர் 6-க்குள் கொண்டுவந்தால் காத்திருந்தே சரி செய்து வாங்கிப் போகலாம். நவம்பர் 7, சனிக்கிழமை மதியம் 2 மணி வரைதான் கடை. எங்கள் வீட்டிலும் முறுக்கு சுட வேண்டுமே.

இப்போது பணம் பற்றி. குறுவை அறுப்பு இன்னும் பல ஊர்களில் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அறுத்தவர்களுக்கும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக்கு வரும்வரை கையில் காசு இருக்காது. தீபாவளிச் சீட்டுத் துணியும் கடைசியில்தான் கிடைக்கும். "துணியே எடுக்கல, நான் எங்க போய் முன்னாடி கொடுக்கிறது" என்று கொரடாச்சேரி அக்கா ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் இப்போதே வந்து பேரையும் எத்தனை துணி என்பதையும் எழுதிவிட்டு, அளவு கொடுத்துவிட்டுப் போங்கள். அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட வேண்டாம். உங்களுக்கென்று ரசீது எண் ஒதுக்கி வைக்கிறேன். துணியை அக்டோபர் 24-க்குள் கொண்டுவந்தால் போதும். இது வயல் வேலை பார்க்கிற, நெல் காசை நம்பி இருக்கிற வீடுகளுக்கு மட்டும். சம்பளக்காரர்கள் மன்னித்து, முதலில் சொன்ன தேதியிலேயே கொடுத்து உதவ வேண்டும். நீங்கள் முன்னால் கொடுத்தால்தான் அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

கூலி போன பொங்கலுக்கு வைத்ததேதான். சாதா ஜாக்கெட் 160 ரூபாய், லைனிங் வைத்தது 350, ஃபால்ஸும் ஓரமும் சேர்த்து 100. அவசரக் கூலி என்று ஒன்று சில இடங்களில் வாங்குகிறார்கள். இரட்டிப்புப் பணம் தருகிறேன், நாளைக்கே வேண்டும் என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நான் வாங்குவதில்லை. ஒருவர் துணியை முன்னால் இழுத்தால், பத்து நாள் முன்பே பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போன இன்னொருவர் துணி பின்னால் போகும். ஒரே ஒரு விலக்கு தலைத்தீபாவளி. புதுப்பெண்ணின் ஜாக்கெட் என்று சொல்லிக் கொடுத்தால் அதைத் தனிப் பையில் வைத்து முதலில் முடித்துவிடுவோம். அதற்கும் கூலி அதேதான்.

துணி கொண்டுவரும்போது சில விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு ஜாக்கெட் இப்போது உடம்புக்குச் சரியாக இருப்பதாக இருக்கட்டும். பிரசவத்துக்கு முன்னால் தைத்ததைக் கொடுத்துவிட்டு "இதவிடக் கொஞ்சம் பெருசா" என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எங்கே பிடிக்கிறதோ அந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்திக் கொண்டுவந்தால் போதும். புது அளவு எடுக்க வேண்டியவர்கள் காலை 11 மணியிலிருந்து 1 மணிக்குள் வாருங்கள், நிதானமாக எடுக்கலாம். சாயங்காலம் பஸ் நேரத்தில் கூட்டம் நெருக்கும். சேலையோடு சேர்ந்து வரும் ஜாக்கெட் துணியை நீங்களே வெட்ட வேண்டாம், சேலையாகவே கொடுங்கள். முழங்கை வரை கை வேண்டும் என்பவர்களுக்குப் பார்டர் எட்டுமா என்று பார்த்து நான் வெட்டிக்கொள்கிறேன். பருத்தி லைனிங்கை நாங்கள் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் வெட்டுவோம். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும். அடைமழை பிடித்துவிட்டால் அந்த லைனிங் காயவே இரண்டு நாள் ஆகிறது. மழைக்கு முன்னால் கொடுங்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். வளரும் பிள்ளைகளின் பாவாடைக்கு உள்ளே இரண்டு டக் பிடித்துத்தான் தைப்போம், அடுத்த வருஷமும் இறக்கிப் போடலாம். அதனால் துணி எடுக்கும்போது கால் மீட்டர் கூடவே எடுங்கள்.

போன வருஷம் தைத்து வாங்காமல் விட்ட துணி பதினோரு பை பீரோவில் இருக்கிறது. ரசீது தொலைந்துவிட்டது என்று கூச்சப்பட வேண்டாம். பேரைச் சொன்னால் எடுத்துத் தருகிறேன். பூவனூர் அக்கா, உங்கள் மகளின் பாவாடைக்கு முதல் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். துணியைக் கொடுத்தனுப்புங்கள்.

சந்தேகம் இருந்தால் ரசீதில் இருக்கும் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். மெஷினில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டேன், ராத்திரி 9 மணிக்கு மேல் எல்லோருக்கும் பதில் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டெய்லரக்கா
கடைவீதி, நீடாமங்கலம்