வைத்தியசாலைக்குக் கூடப் போக ஆளில்லாதவர்களுக்கும் கண் சிகிச்சை: ஒக்டோபர் 4இல் கொழும்பு 13, ஜம்பட்டா வீதியில் இலவசப் பரிசோதனை முகாம்

ஊடக அறிக்கை: உடனடி வெளியீட்டுக்கு
விழித்துணை நலன்புரி மன்றம், கொட்டாஞ்சேனை
2026 செப்டெம்பர் 21

கொழும்பு: விழித்துணை நலன்புரி மன்றம் நடத்தும் இலவசக் கண் பரிசோதனை முகாம் 2026 ஒக்டோபர் 4ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை கொழும்பு 13, ஜம்பட்டா வீதியிலுள்ள மன்ற மண்டபத்தில் நடைபெறும். முன்பதிவு தேவையில்லை. காலை 7.30 முதல் நம்பர் துண்டு கொடுக்கப்படும். முதலில் வரும் 300 பேரைப் பார்க்க முடியும். பரிசோதனை, வாசிப்புக் கண்ணாடி எதற்கும் ஒரு சதமும் வாங்கப்படமாட்டாது.

கண்புரை, கண் அழுத்த நோய், நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பு ஆகிய மூன்றையும் முகாமில் பரிசோதிப்பார்கள். மேல்சிகிச்சை தேவைப்படுவோரை மன்றத் தொண்டர் ஒருவர் வைத்தியசாலைக்கு நேரில் அழைத்துச் செல்வார். சத்திரசிகிச்சை நாளிலும், அதற்கு அடுத்த பரிசோதனைக்கும் அவரே உடன் வருவார்.

இந்தத் துணைதான் இம்முறை முகாமின் முக்கிய நோக்கம். இலங்கையில் பார்வை இழப்புக்கு முதற்காரணம் கண்புரை. சத்திரசிகிச்சையால் அதைச் சரிப்படுத்தலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தேசிய கண் வைத்தியசாலையும் நமக்குத் தூரமில்லை, லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் நமது ஒழுங்கைகளில் சுவரைத் தடவித் தடவி நடக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு போய்க் கேட்டபோது எங்களுக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “கூட்டிக்கொண்டு போக ஆளில்லை.” மகன் வெளிநாட்டில் இருப்பான். மருமகள் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவாள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் லீவு என்றால் அந்த நாள் சம்பளம் இல்லை. பெரியவர்களும் பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று, தெரியாத கண்ணைத் தெரிகிறது என்றே சொல்லிச் சமாளித்துவிடுகிறார்கள்.

“துண்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்தத் துண்டோடு வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். எந்த அறைக்குப் போவது, எந்தத் திகதிக்குத் திரும்பி வருவது என்று கேட்டுச் சொல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக நாங்கள் வருகிறோம்,” என்கிறார் மன்றத்தின் செயலாளர்.

இலங்கை கண் தான சங்கம் 1961இல் தொடங்கப்பட்டது. இறந்தவர்கள் தானமாகத் தந்த கண்களை இந்த நாடு பல நாடுகளுக்கு அனுப்பிப் பார்வை கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டின் தலைநகரில், அதுவும் பெரிய கண் வைத்தியசாலைக்கு இவ்வளவு அருகில், வழித்துணை இல்லாத குறையால் ஒருவர் இருட்டில் உட்கார்ந்திருப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

யார் வர வேண்டும்?

நாற்பது வயதைத் தாண்டிய எவரும் வரலாம். நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் வர வேண்டும், கண் நன்றாகத் தெரிந்தாலும் கூட. இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம். சீனி வருத்தம் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்தும்போது ஆரம்பத்தில் வலி இருக்காது, மங்கலும் இருக்காது. பார்வை குறைந்த பிறகு வந்தால், இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர போனதை முழுதாக மீட்பது கடினம். கண் அழுத்த நோயும் அப்படித்தான். பக்கப் பார்வையை ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டு போகும். வாசல் நிலையில் தோள் இடிபடும் வரை பலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் இழந்த பார்வை திரும்பாது. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் துளி மருந்து முதலிய சிகிச்சையால் மேலும் போகாமல் தடுக்கலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டியார் தெருவில் நகை செய்யும் பத்தர்கள், தையல் வேலை செய்யும் பெண்கள், கணக்கெழுதுபவர்கள் ஆகியோரையும் விசேடமாக அழைக்கிறோம். ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? மோதிரத்தில் கல் பதிக்க விளக்கை இன்னும் கிட்ட இழுக்கிறீர்களா? அது பெரும்பாலும் வயதோடு வரும் வெள்ளெழுத்தாக இருக்கும், ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடியே போதும். கண்ணாடி போட வெட்கப்பட்டு, கைத்தொழிலையே விட்டவர்கள் நம்மிடையே உண்டு.

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் கூட்டி வரலாம். கொப்பியை மூக்குக்குக் கிட்டப் பிடிப்பது, தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நிற்பது, கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது, இவையெல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். படிப்பில் கவனமில்லை என்று அடி வாங்கும் பிள்ளைக்கு ஒருவேளை பலகை தெரியாமலே இருக்கலாம்.

முகாமில் என்ன நடக்கும்?

பதிவு செய்தவுடன் ஆறு மீற்றர் தூரத்தில் உள்ள அட்டையைப் பார்க்கச் சொல்வார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் கூச்சப்படத் தேவையில்லை. மூன்று கால் உள்ள ஓர் அடையாளம் நான்கு திசையிலும் திருப்பித் திருப்பி அச்சிடப்பட்ட அட்டை இருக்கிறது; கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். பார்வை குறைவாக இருந்தால் சின்னத் துளையிட்ட மறைப்பு ஒன்றின் ஊடாக மறுபடி பார்க்கச் சொல்வார்கள். துளை வழியே தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகிவிடும். அப்படியும் தெரியாவிட்டால் கண்ணுக்குள் வேறு ஏதோ காரணம் இருக்கக்கூடும், அதை வைத்தியர் பார்ப்பார்.

அடுத்து கண்ணின் அழுத்தம் அளக்கப்படும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி அளவும் பார்க்கப்படும். விழித்திரையைப் பார்க்க வேண்டியவர்களுக்குக் கருமணி விரியத் துளி மருந்து விடுவார்கள். அதன் பிறகு சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கண்ணைக் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிளையும் ஆட்டோவையும் நீங்களே ஓட்டி வராதீர்கள். தொப்பி அல்லது கறுப்புக் கண்ணாடி இருந்தால் கொண்டு வாருங்கள். ஒருவரும் கூட வராவிட்டால் வீடு வரை விட எங்கள் ஆட்கள் இருப்பார்கள்.

வாசிப்புக் கண்ணாடி தேவையானவர்கள் அன்றே கையோடு வாங்கிச் செல்லலாம். தனியாக அளவெடுத்துச் செய்ய வேண்டியவை இரண்டு வாரத்தில் அதே மண்டபத்தில் கொடுக்கப்படும். சத்திரசிகிச்சை எதுவும் முகாமில் செய்யப்படாது. அது வைத்தியசாலையிலேயே நடக்கும்.

சில தவறான எண்ணங்கள்

கண்புரை “நன்றாக முற்றட்டும்” என்று காத்திருப்பவர்களை இன்னும் சந்திக்கிறோம். அது பழைய காலத்துக் கதை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வரும் நிலையிலேயே இன்று சத்திரசிகிச்சை செய்கிறார்கள். மிகவும் முற்றவிட்டால் சத்திரசிகிச்சைதான் சிக்கலாகும். கண்ணை மட்டும் விறைக்கச் செய்து, மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைப்பார்கள். பெரும்பாலானோர் அன்றே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கத்தி என்ற சொல்லுக்குப் பயந்து வருடக்கணக்காகத் தள்ளிப் போட்டவர்கள் முகாமுக்கு வந்து, ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களோடு ஐந்து நிமிடம் பேசட்டும். அவர்களில் சிலர் அன்று மண்டபத்தில் இருப்பார்கள்.

இன்னொன்று, கண் சிவந்தால் யாருக்கோ எழுதிய துளி மருந்தை வாங்கி விடுவது. ஸ்டீரொயிட் கலந்த துளிகளை வைத்தியர் சொல்லாமல் நெடுநாள் பாவித்தால் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம். வீட்டில் இருக்கும் துளி மருந்துப் போத்தல்களையும் எடுத்து வாருங்கள், வைத்தியர் பார்த்துச் சொல்வார்.

முகாம் வரைக்கும் காத்திருக்கக்கூடாத நிலைமைகளும் உண்டு. திடீரெனப் பார்வை போனால், கண் சிவந்து கடுமையாக வலித்தால், மின்னல் போல வெளிச்சம் அடித்துத் திரை விழுந்தது போலிருந்தால், அல்லது கண்ணில் அடிபட்டாலோ இரசாயனம் பட்டாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சுண்ணாம்போ அசிட்டோ பட்டிருந்தால் முதலில் சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவிவிட்டுப் போங்கள்.

வருபவர்களுக்கு

காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வழமையாக எடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டாம். பாவிக்கும் மூக்குக்கண்ணாடி, கிளினிக் கொப்பி, மருந்துகள் இவற்றைக் கொண்டு வந்தால் வைத்தியருக்கு உதவியாக இருக்கும். அடையாள அட்டை இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பமாட்டோம். தமிழிலும் சிங்களத்திலும் பேசலாம். மண்டபம் தரைத்தளத்தில் இருப்பதால் சக்கர நாற்காலியும் உள்ளே வரும். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயப் பக்கமிருந்து வந்தால் இடது கைப் பக்கம் பச்சைக் கேற் உள்ள கட்டடம்.

நடந்து வர முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஒக்டோபர் 2ஆம் திகதிக்குள் மாலை 4 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் மண்டபத்துக்கு வந்து பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கொடுங்கள். ஆட்டோ அனுப்புவோம். முகத்துவாரம், புளூமெண்டால், கிராண்ட்பாஸ் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

மன்றத்தைப் பற்றி

விழித்துணை நலன்புரி மன்றம் கொட்டாஞ்சேனைவாசிகள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய இலாபநோக்கற்ற அமைப்பு. அங்கத்தவர்களின் மாதாந்தச் சந்தாவும் அயலவர்களின் நன்கொடையும்தான் எங்கள் பணம். முகாமில் வைத்தியர்களும் கண் பரிசோதகர்களும் ஊதியம் வாங்காமல் பணியாற்றுகிறார்கள். உலகப் பார்வை தினம் இவ்வருடம் ஒக்டோபர் 8ஆம் திகதி, வியாழக்கிழமை வருகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்காகவே முகாமை அதற்கு முந்திய ஞாயிறு வைத்திருக்கிறோம். அன்று மேடையும் பொன்னாடையும் உரைகளும் கிடையாது. இருக்கிற ஆறு மணி நேரமும் கண் பார்க்கவே.

ஆசிரியர்களின் கவனத்துக்கு

இடம் குறைவாக இருந்தால் முதல் இரண்டு பந்திகளை மட்டும் தனிச் செய்தியாக வெளியிடலாம். வானொலிச் செய்திகளில் திகதி, இடம், “முன்பதிவு தேவையில்லை” என்ற மூன்றும் விடுபடாமல் பார்த்துக்கொண்டால் நன்றி. ஒக்டோபர் 1 அல்லது 2ஆம் திகதி வெளிவந்தால் மக்களுக்கு அதிகம் பயன்படும். செய்தியாளர்களும் படப்பிடிப்பாளர்களும் முகாம் அன்று காலை 9.30 முதல் வரலாம்; செயலாளரும் வைத்தியர் ஒருவரும் பேட்டி தருவார்கள். பரிசோதனைக்கு வந்தவர்களின் முகத்தை அவர்களின் சம்மதம் இல்லாமல் படமெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மேலதிக விவரங்களுக்கு இந்த அறிக்கை வந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள், அன்றைக்கே பதில் வரும்.

செயலாளர்
விழித்துணை நலன்புரி மன்றம்
ஜம்பட்டா வீதி, கொழும்பு 13