ஸ்பீடு கம்மி, சீன் ஜாஸ்தி 🚂

மேட்டுப்பாளையம் டு ஊட்டி, 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 5 மணி நேரம். பஸ்ல போயிருந்தா இந்நேரம் ஊட்டில ரெண்டாவது காபி ஆர்டர் பண்ணியிருக்கலாம்னு எங்க அப்பா கல்லாறு வர்றதுக்குள்ளயே ஃபுல் கோச்சுக்கும் அனவுன்ஸ் பண்ணிட்டாரு. அதே மனுஷன்தான் ஏழாவது போட்டோல ஜன்னலோட ஒட்டிக்கிட்டு, இந்த ட்ரெயின் இன்னும் கொஞ்சம் ஸ்லோவா போகக் கூடாதாங்கிற மூஞ்சியோட இருக்காரு. ஜூம் பண்ணிப் பாருங்க, கண்ணாடில கரி.

முதல் போட்டோல எல்லாரும் தூங்கி வழியறதுக்குக் காரணம் இருக்கு. சென்னைல இருந்து நைட் ட்ரெயின், விடிஞ்சும் விடியாம இறங்கி, காலை 7.10க்கு மலை ரயில். ஃப்ரெஷ்ஷா இருக்கிற ஒரே ஆள் அம்மா. ஏன்னா இட்லி பார்சல் அவங்க கையில, பவர் அவங்க கையில.

ரெண்டாவது போட்டோ என்ஜின். ட்ரெயினுக்குப் பின்னாடி நின்னு என்ஜின் போட்டோவான்னு கமெண்ட்ல கலாய்க்காதீங்க, என்ஜினே பின்னாடிதான் இருக்கு! ஏத்தத்துல இழுக்காது, தள்ளும். "நம்ம வீட்டு பழைய அம்பாசடர் மாதிரின்னு சொல்லு"ன்னாங்க அத்தை. அதைத் தள்ளித் தள்ளியே அவங்க காலேஜ் முடிச்ச கதை தனி போஸ்ட்டா வரும்.

இந்த இடத்துல அப்பா டூரிஸ்ட் கைடு மோடுக்கு மாறிட்டாரு. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வச்ச பட்டை ஓடும், என்ஜினுக்கு அடில இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும், சில இடத்துல 12 அடி போனா 1 அடி மேல போயிடுவோம்னு ரெண்டு கை விரலையும் கோத்து லைவ் டெமோ. எதிர் சீட் குட்டிப் பையன் சீரியஸா ஒரே ஒரு டவுட் கேட்டான்: "அங்கிள், பல்லு உடைஞ்சா?"

அப்பா: "அங்க பாரு தம்பி, டனல் வருது."

டனல்னதும் ஞாபகம் வருது. நாலாவது போட்டோ லோட் ஆகலைன்னு ரெஃப்ரெஷ் பண்ணாதீங்க, அதுதான் டனல். மொத்தம் 16 இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கோச்சே "ஓஓஓ"ன்னு கத்துது. முதல் டனல்ல நான் டீசன்ட்டா சும்மா இருந்தேன். அப்புறம் லீட் சிங்கரே நான்தான், தொண்டை இன்னும் செட் ஆகலை.

ஹில்குரோவ் ஸ்டேஷன்ல என்ஜின் தண்ணி குடிக்க நின்னுது, நாங்க டீ குடிக்க இறங்கினோம். சித்தி பொண்ணு மட்டும் வடையைக் கையில வச்சுக்கிட்டு, பின்னாடி மலை, சைடுல ஸ்டீம், "ஏஸ்தெடிக்கா எடுடி"ன்னு ஆங்கிள் சொல்லிக்கிட்டே இருந்தா. அஞ்சாவது போட்டோல ப்ளர்ரா ஒரு ப்ரவுன் கை தெரியுதுல்ல, அது குரங்கு. ஆறாவது போட்டோல வடை இல்லை. எக்ஸ்பிரஷன் மட்டும் இருக்கு, அதுக்கு ஃபில்டரே தேவையில்லை.

குன்னூர்ல ஸ்டீம் என்ஜினைக் கழட்டிட்டு டீசல் மாட்டினாங்க. 1899ல குன்னூர் வரைக்கும் வந்த லைன், ஊட்டியைத் தொட 1908 ஆச்சாம், 2005ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் சேந்துடுச்சாம். அப்பாவோட லெக்சர் பீக்ல போகும்போது அத்தை இன்டரப்ட் பண்ணி, "அதெல்லாம் சரி, இங்க டாய்லெட் எந்தப் பக்கம்?"

அதுக்கப்புறம் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி. கேத்தி பள்ளத்தாக்கை போட்டோ எடுத்தேன், ஆனா நேர்ல பாத்ததுல பாதி கூட வரலை, அதான் போடலை. நேர்ல போய்ப் பாருங்க.

என் ஃபேவரிட் எட்டாவதுதான். லவ்டேல்னு போர்டு பாத்ததும் அம்மா அப்பாவை இழுத்துக்கிட்டுப் போய் நிக்க வச்சு ரஷ்ஷா எடுத்தது. அம்மா செம க்யூட்டா சிரிக்கிறாங்க. அப்பா ஆதார் கார்டு போஸ். "கொஞ்சம் க்ளோஸா நில்லுங்கப்பா"ன்னு சொன்னா, போர்டுக்குக் க்ளோஸா போறாரு.

டிக்கெட் எப்படி கிடைச்சுதுன்னு டிஎம் பண்றவங்களுக்கு: ரொம்ப முன்னாடியே புக் பண்ணுங்க. ஏப்ரல், மே சீசன்ல வெயிட்டிங் லிஸ்ட்டைப் பாத்தாலே இங்கயே குளிர் ஜுரம் வந்துடும்.

வர்க்கி கேட்டவங்களுக்கு: வாங்கியாச்சு. திரும்பி வர்ற வழியிலயே பாதி பாக்கெட் காலி. மீதி அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, அவங்ககிட்டயே டைரக்ட்டா டீல் பண்ணிக்கோங்க, என்னை டேக் பண்ணாதீங்க 🙏

#மலைரயில் #ஸ்லோட்ரெயின்_ஃபாஸ்ட்குரங்கு #வடைபோச்சே